நாலுக்கு ஒன்று: இட்லி மாவும் வரைபடமும் வைத்து விகிதம், விகிதசமம், சதவீதம்

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஒரு கணக்கோடு வந்தாள். இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் 4:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மொத்தத்தில் உளுந்து எத்தனை சதவீதம்? அவள் எழுதியிருந்த விடை 25.

"ஒன்றை நாலால வகுத்தா கால். கால்னா 25 சதவீதம்தானே சித்தி?"

வகுத்தது சரி, கால் என்பது 25 சதவீதம் என்பதும் சரி. ஆனாலும் விடை தப்பு. இந்தத் தப்பு எங்கே நுழைந்தது என்று தேடிப் போனால் விகிதம், விகிதசமம், சதவீதம் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அதனால் நோட்டை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனோம். நீங்களும் ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒரு வரைபடமும் கொஞ்சம் நூலும் வேண்டியிருக்கும்.

முதலில் விகிதம்

ஒரே டம்ளரால் நாலு முறை இட்லி அரிசி, ஒரு முறை முழு உளுந்து அளந்து இரண்டு பாத்திரங்களில் போடுங்கள். அரிசியையும் உளுந்தையும் பக்கத்தில் வைத்து, இது அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்கிறோம். இந்த ஒப்பீடுதான் விகிதம். அரிசி : உளுந்து = 4 : 1.

எண்களை எழுதுவதற்கு முன்னால் பொருள்களின் பெயரை எழுதுங்கள். "அரிசி : உளுந்து" என்று முதலில், எண் அப்புறம். வெறுமனே 4:1 என்று எழுதினால் எது நாலு என்று தெரியாது. வரிசை மாறி நாலு டம்ளர் உளுந்துக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டால் அது இட்லி மாவே இல்லை.

டம்ளர் பெரியதா சின்னதா என்பது முக்கியமில்லை. இரண்டையும் ஒரே டம்ளரால் அளக்க வேண்டும், அவ்வளவுதான். அளவை ஒன்றாக இருப்பதால்தான் விகிதத்தில் டம்ளர், கிலோ என்று அலகு எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை. அளவை வேறு வேறாக இருந்தால், விகிதம் எழுதும் முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும்.

பழைய அளவைகளில் இது நன்றாகத் தெரியும். எங்கள் ஆச்சி, "ஒரு படி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து" என்று சொல்வார்கள். கேட்டவுடன் 1:1 என்று எழுதத் தோன்றும். படியும் உழக்கும் ஒன்றல்ல. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. படியை உழக்காக மாற்றினால் நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து, அதே 4:1. ஆழாக்காக மாற்றினால் 8:2. இரண்டு எண்களும் 2-ஆல் வகுபடும், வகுத்தால் மறுபடியும் 4:1. இப்படி இனிமேல் பொதுவாக வகுக்க முடியாத அளவுக்குச் சுருக்கியதுதான் எளிய வடிவம்.

இந்த மாவுக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயமும் போடுவோம். அதைச் சேர்த்து 4:1:1 என்று எழுதிவிட முடியாது. அந்தக் கடைசி 1 டீஸ்பூன், மற்றவை டம்ளர்.

அப்புறம் விகிதசமம்

வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், 10 டம்ளர் அரிசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உளுந்து எவ்வளவு?

அவளை முதலில் தன் போக்கில் செய்யச் சொன்னேன். "4 இருந்தது 10 ஆச்சு, 6 கூடியிருக்கு. அப்போ உளுந்தும் 6 கூடணும், 7 டம்ளர்" என்றாள். இது நிறையப் பிள்ளைகள் செய்வது. கூட்டுகிற பழக்கம் கைக்கு முதலில் வந்துவிடுவதால் இங்கேயும் கூட்டல்தான் எட்டிப்பார்க்கும். 10 டம்ளர் அரிசிக்கு 7 டம்ளர் உளுந்து போட்டால் மாவு கொழகொழவென்று ஆகி, தட்டிலிருந்து எடுக்கவே வராது. சமையல் தெரிந்தவர் யாராவது இருந்தால் விடையைச் சொன்னதுமே நிறுத்திவிடுவார். கணக்கு நோட்டில் அப்படி நிறுத்த ஆளில்லை என்பதால் நாமே சோதித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

விகிதத்தில் கூட்டல் வேலைக்கு ஆகாது, மடங்குதான் வேலைக்கு ஆகும். அரிசி 4-லிருந்து 10 ஆனால் அது எத்தனை மடங்கு? 10-ஐ 4-ஆல் வகுத்தால் இரண்டரை. அரிசி இரண்டரை மடங்கு ஆனால் உளுந்தும் இரண்டரை மடங்கு ஆக வேண்டும். 1 × 2.5 = 2.5. ஆக, இரண்டரை டம்ளர் உளுந்து.

இப்போது நம்மிடம் இரண்டு விகிதங்கள் இருக்கின்றன. ஒன்று 4:1, இன்னொன்று 10:2.5. அளவு மாறியிருக்கிறது, மாவின் தன்மை மாறவில்லை. "இந்த இரண்டு விகிதங்களும் சமம்" என்று சொல்வதுதான் விகிதசமம்.

4 : 1 = 10 : 2.5

விகிதம் என்பது ஒரு ஒப்பீடு. விகிதசமம் என்பது இரண்டு ஒப்பீடுகள் ஒன்றுதான் என்கிற வாக்கியம். அதனால்தான் விகிதசமத்தில் எப்போதும் நாலு எண்கள் இருக்கும், அவற்றில் மூன்று தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஓரத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பெருக்குங்கள்: 4 × 2.5 = 10. நடுவில் இருக்கும் இரண்டையும் பெருக்குங்கள்: 1 × 10 = 10. இரண்டும் ஒன்றாக வந்தால் விகிதசமம். அவளுடைய முதல் விடையில் 4 × 7 = 28, 1 × 10 = 10. எங்கேயோ தவறிவிட்டது என்று அடுப்பைப் பற்றவைக்காமலே தெரிந்துவிட்டது.

இதைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். டப்பாவில் மூன்று டம்ளர் உளுந்துதான் இருக்கிறது. எவ்வளவு அரிசி ஊறவைக்கலாம்? 4:1 = ? : 3. உளுந்து மூன்று மடங்கு, அரிசியும் மூன்று மடங்கு, 12 டம்ளர்.

இங்கே ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். சமையலில் எல்லாமே விகிதசமமாகக் கூடுவதில்லை. ஒரு இட்லிப் பானை வேக 10 நிமிடம் ஆகிறது என்றால், இரண்டரை மடங்கு மாவு அரைத்தோம் என்பதற்காக ஒரு பானை இட்லி வேக 25 நிமிடம் ஆகாது. ஒவ்வொரு ஈடுக்கும் அதே 10 நிமிடம்தான், ஈடுகளின் எண்ணிக்கைதான் கூடும். மாவு பொங்கும் நேரமும் அப்படியே. அது ஊரின் வெயிலையும் குளிரையும் பொறுத்தது, நாம் போட்ட அரிசியின் அளவைப் பொறுத்ததல்ல. "இது இரண்டு மடங்கானால் அதுவும் இரண்டு மடங்காகுமா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் விகிதசமம் எழுதுங்கள்.

சதவீதம்: எதில் எத்தனை?

இப்போது அந்த 25-க்குத் திரும்புவோம்.

சதம் என்றால் நூறு. மொத்தத்தை நூறாக வைத்துக்கொண்டால் இது எத்தனை என்று சொல்வது சதவீதம். அதுவும் ஒரு விகிதம்தான், இரண்டாவது எண்ணை நூறு என்று நிறுத்திவைத்த விகிதம். ஆனால் நூறாக எதை வைத்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

நாலு டம்ளர் அரிசியையும் ஒரு டம்ளர் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டுங்கள். மொத்தம் ஐந்து டம்ளர். ஐந்தில் உளுந்து ஒன்று. ஐந்தில் ஒன்று என்றால் நூறில் எத்தனை?

1 : 5 = ? : 100

ஐந்து 20 மடங்காகி நூறானது. ஒன்றும் 20 மடங்காகும். உளுந்து 20 சதவீதம், அரிசி 80 சதவீதம். கவனித்தீர்களா, சதவீதம் கண்டுபிடிக்க நாம் எழுதியது ஒரு விகிதசமம்.

அவள் சொன்ன 25 எங்கிருந்து வந்தது? அவள் ஒன்றை நாலால் வகுத்தாள். நாலு என்பது அரிசி. அதாவது அரிசியை நூறாக வைத்துக்கொண்டாள். உளுந்து அரிசியில் 25 சதவீதம், மாவில் 20 சதவீதம். இரண்டு வாக்கியமும் உண்மை. கேள்வி கேட்டது மாவைப் பற்றி.

விகிதத்தில் உள்ள இரண்டு பங்குகளும் சேர்ந்து ஒரு மொத்தம் ஆகும்போது, விகித எண்களை முதலில் கூட்டிக்கொள்ளுங்கள். 4 + 1 = 5. அந்தக் கூட்டுத்தொகைதான் கீழே வர வேண்டும். 80, 20 இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 100 வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ தவறு.

விகிதம் இருக்கும்போது சதவீதம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு வீட்டில் 4:1, இன்னொரு வீட்டில் 7:2. எந்த மாவில் உளுந்து அதிகம்? விகிதத்தை மட்டும் பார்த்து உடனே சொல்வது சிரமம். 7:2-இல் மொத்தம் ஒன்பது, அதில் உளுந்து இரண்டு, அது ஏறக்குறைய 22 சதவீதம். 20-ஐ விட 22 அதிகம், எனவே 7:2 மாவில்தான் உளுந்து கூடுதல். வேறு வேறு மொத்தங்களை ஒரே நூறுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவதற்குத்தான் சதவீதம். அரிசி அளந்து போடும்போது அது பயன்படாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு 80 சதவீதம், 20 சதவீதம் என்று யாரும் அளப்பதில்லை. நாலுக்கு ஒன்று என்றுதான் அளப்பார்கள்.

வரைபடத்துக்கு வருவோம்

இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலவரைபடத் தாள்களில் 1:50,000 என்று அச்சிட்டிருக்கும். இதுவும் விகிதம்தான். தாளில் 1, தரையில் 50,000. முதலில் தாள், பிறகு தரை. இங்கேயும் வரிசை முக்கியம்.

இதில் அலகு இல்லை என்பதைக் கவனியுங்கள். தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 50,000 சென்டிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் அகலம் என்றால் தரையில் 50,000 சுண்டுவிரல் அகலம். டம்ளர் எதுவானாலும் 4:1 மாறாதது போல. முன்பு ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற வரைபடங்களும் இருந்தன. அவற்றின் அளவுகோல் 1:63,360. ஒரு மைலில் 63,360 அங்குலம் இருப்பதால் அந்த விசித்திரமான எண். இதை "1:1" என்று எழுதினால், படியும் உழக்கும் குழம்பிய அதே தப்புதான்.

முதல் வேலையாக, 50,000 சென்டிமீட்டரை நாம் நடக்கிற அளவுக்கு மாற்றிவிடுங்கள். 100 செ.மீ. ஒரு மீட்டர், எனவே 500 மீட்டர், அதாவது அரை கிலோமீட்டர். தாளில் 1 செ.மீ. தரையில் அரை கி.மீ.; தாளில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. இதை வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டால் பிறகு சுழியங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டு ஊர்களுக்கு நடுவே சாலை நேராக இருந்தால் ஸ்கேல் வைத்து அளக்கலாம். 7 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 : 50,000 = 7 : ? என்று எழுதினால் 3,50,000 செ.மீ., அதாவது 3.5 கி.மீ. சாலை வளைந்து வளைந்து போனால் ஸ்கேல் பொய் சொல்லும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்துக்கும் மலை உச்சிக்கும் நேர்க்கோடு போட்டு அளந்தால் பேருந்து போகும் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அங்கே நூலைச் சாலையின் மேலேயே வளைத்துப் படுக்கவைத்து, முடிந்த இடத்தில் கிள்ளிப் பிடித்து, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் வைக்க வேண்டும். அப்படியும் உண்மைத் தூரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் தாள் தட்டையானது, ஏற்றம் அதில் கணக்காகாது.

மாவுக்கும் வரைபடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாவில் 4-ஐயும் 1-ஐயும் கூட்டினோம். இங்கே 1-ஐயும் 50,000-ஐயும் கூட்டினால் கிடைக்கும் 50,001-க்கு எந்தப் பொருளும் இல்லை. தாளும் தரையும் கலந்து ஒரு பண்டம் ஆவதில்லை. சதவீதமாக மாற்றினாலும் தாளின் நீளம் தரையின் நீளத்தில் 0.002 சதவீதம் என்று வரும்; உண்மைதான், யாருக்கும் உதவாது. எந்த விகிதத்தைப் பார்த்தாலும் "இந்த இரண்டும் ஒரு மொத்தத்தின் பங்குகளா, அல்லது தனித்தனிப் பொருள்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பங்குகள் என்றால்தான் கூட்டலாம்.

பரப்பளவில் மட்டும் ஜாக்கிரதை. தாளில் ஒரு வயல்வெளி 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் இருக்கிறது. 6 சதுர செ.மீ., ஒரு செ.மீ.க்கு அரை கி.மீ., ஆக 3 சதுர கி.மீ. என்று எழுதினால் தப்பு. நீளத்தை மாற்றுங்கள், 1.5 கி.மீ. அகலத்தை மாற்றுங்கள், 1 கி.மீ. பிறகு பெருக்குங்கள், 1.5 சதுர கி.மீ. மாற்றுவது முதலில், பெருக்குவது அப்புறம்.

ஜெராக்ஸ் கடையில் மூன்றும் ஒன்றாக

வரைபடத்தின் ஒரு பகுதியை A4 தாளில் நகல் எடுத்துவைத்திருந்தேன். எழுத்து பொடியாக இருந்ததால் அதை A3 ஆகப் பெரிதாக்கக் கடைக்குப் போனோம். இயந்திரத்தின் திரையில் 141% என்று வந்தது.

"சித்தி, A3 தாள் A4 மாதிரி ரெண்டு மடங்குதானே? அப்போ 200-னு காட்டணுமே?"

நல்ல கேள்வி. A3 தாளை நடுவில் மடித்தால் A4, எனவே பரப்பளவு இரண்டு மடங்கு. இயந்திரம் காட்டுவது நீளத்தின் சதவீதம். நீளமும் 1.41 மடங்கு, அகலமும் 1.41 மடங்கு; 1.41 × 1.41 ஏறக்குறைய 2. வயல்வெளியில் பார்த்த அதே விஷயம்தான்.

படம் கோணாமல் பெரிதாவதற்கும் ஒரு விகிதசமம்தான் காரணம். A4 தாள் 210 மில்லிமீட்டருக்கு 297. A3 தாள் 297-க்கு 420. 210 : 297 = 297 : 420 சரியா என்று பாருங்கள். ஓர எண்களின் பெருக்கல் 88,200, நடு எண்களின் பெருக்கல் 88,209. முழு மில்லிமீட்டருக்குத் திருத்தியதால் வந்த சின்ன வித்தியாசம், அவ்வளவுதான்.

இப்போது பெரிதாக்கிய தாளில் அளவுகோல் என்ன? அதில் 1:50,000 என்ற எழுத்து அப்படியே இருக்கிறது, எழுத்து மட்டும் பெரிதாகியிருக்கிறது. ஆனால் அது இனி உண்மையில்லை. முன்பு 1 கி.மீ.க்கு 2 செ.மீ.; இப்போது அந்த 2 செ.மீ. 1.41 மடங்காகி 2.82 செ.மீ. ஆகிவிட்டது. 1 கி.மீ. என்பது 1,00,000 செ.மீ. அதை 2.82-ஆல் வகுத்தால் சுமார் 35,500. புதிய அளவுகோல் ஏறக்குறைய 1:35,500. இதைக் கவனிக்காமல் பழைய கணக்கில் அளந்தால் எல்லாத் தூரமும் 41 சதவீதம் கூடுதலாக வரும். அதனால்தான் வரைபடத்தின் அடியில் கிலோமீட்டர் குறித்த ஒரு கோடும் வரைந்திருக்கிறார்கள். தாளோடு சேர்ந்து அந்தக் கோடும் நீண்டுவிடுவதால், நகலில் எழுத்தை நம்பாமல் கோட்டை நம்புங்கள்.

கிளம்பும்போது அவள் இன்னொன்று கேட்டாள். A3-ஐ மறுபடி A4 ஆக்க எத்தனை சதவீதம்? "41 கூட்டினோம், அப்போ 41 கழிச்சு 59" என்று அவளே விடையும் சொன்னாள். கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். 71% என்று வந்தது.

கூட்டும்போது நூறாக இருந்தது A4-இன் நீளம். குறைக்கும்போது நூறாக இருப்பது A3-இன் நீளம். 141-ஐ 100 ஆக்க வேண்டும். 100-ஐ 141-ஆல் வகுத்தால் 0.71. அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அரிசியை நூறா வச்சா 25, மாவை நூறா வச்சா 20, அந்த மாதிரியா?" என்றாள்.

அதே மாதிரிதான்.